ஈரத்தில் சேமியா, காய்ந்தால் தேங்காய் நார்

*டாக்டர், எனக்கு 29 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி, பெங்களூரில் ஐ.டி. வேலை. போன தீபாவளிக்கு முன்னால் முடியின் கீழ்ப்பாதியை ப்ளீச் செய்து ஹைலைட்ஸ் போட்டேன். நிறம் சரியாக வரவில்லை என்று அதே மாதம் இன்னொரு முறையும் ப்ளீச் செய்தார்கள். மார்ச்சில் சர்ஜாபூர் ரோடு பக்கம் வீடு மாறினேன். அப்புறம்தான் முடி வறண்டு உடைய ஆரம்பித்தது. பார்லரில் 'முடியில் புரோட்டீன் குறைவு' என்று ஒரு மாஸ்க் கொடுத்தார்கள். முடியின் நடுவிலிருந்து நுனி வரை வாரம் இரண்டு முறை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதோடு முட்டையும். முதல் இரண்டு வாரம் அருமையாக இருந்தது. இப்போது காய்ந்தால் தேங்காய் நார் மாதிரி இருக்கிறது. நனைந்திருக்கும்போது நுனி சேமியா மாதிரி இழுபட்டு அறுகிறது. வேர்ப்பக்கம்கூட முரடாக இருக்கிறது. தோழி புரோட்டீனை நிறுத்திவிட்டு மாய்ஸ்சர் மாஸ்க் போடச் சொல்கிறாள். அவள் சொன்னபடி ஒரு முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டேன், மூழ்கிவிட்டது. அம்மா தேங்காய் எண்ணெய் போதும் என்கிறார். பார்லரில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்யச் சொல்கிறார்கள். மூன்று சிட்டிங்குக்குப் பணமும் கட்டிவிட்டேன். ஆபீஸ் கேப் வந்துவிடும் என்று அரை ஈரத்திலேயே ஸ்ட்ரெய்ட்னர் போடுவதும் உண்டு. எதைச் செய்ய, எதை விட?*

— வாசகி, பெங்களூரு

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். வேர்ப்பக்கமும் முரடாக இருக்கிறது என்கிறீர்கள். ப்ளீச் பட்டது கீழ்ப்பாதியில். மாஸ்க் போட்டது நடுவிலிருந்து நுனி வரை. அப்படியிருக்க, தலையை ஒட்டிய பகுதி ஏன் முரடாக வேண்டும்? முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. உங்கள் தலையை ஒட்டிய சில சென்டிமீட்டர், ப்ளீச்சையே பார்க்காமல் புதிதாக முளைத்து வந்த முடி. அது பட்டுப்போல இருக்க வேண்டும். அதுவும் முரடு என்றால், மேலிருந்து கீழ்வரை எல்லா முடியையும் தொட்ட பொருள் ஒன்று இருக்கிறது. மார்ச்சில் வீட்டோடு சேர்த்து நீங்கள் மாற்றியது தண்ணீர்.

அதனால் 'புரோட்டீனா, மாய்ஸ்சரா' என்ற கேள்விக்கு இப்போதே பதில் சொல்ல மாட்டேன். முடிமேல் இருக்கும் படிவைக் கழற்றாமல் சோதித்தால், நாம் சோதிப்பது முடியை அல்ல, படிவை.

முதலில் தண்ணீர்

சர்ஜாபூர் ரோடு, பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் நிறைய அடுக்ககங்களில் குளிக்க வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் டேங்கர் தண்ணீர். காவேரித் தண்ணீர் வரும் வீட்டிலிருந்து இங்கே மாறியவர்கள் என் கிளினிக்குக்கு வந்து முதலில் சொல்வது 'ஷாம்பு நுரைக்கவே மாட்டேங்குது டாக்டர்' என்பதுதான். உங்கள் ஷவர் தலையையும் வாளியின் உள்விளிம்பையும் பாருங்கள். வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் உதிரும் படிவு இருந்தால் அது கால்சியமும் மெக்னீசியமும். அதே படிவுதான் உங்கள் முடியிலும் உட்கார்கிறது.

ப்ளீச் செய்த முடியில் இது இன்னும் அதிகமாக ஒட்டும். முடிக்கு வலு கொடுப்பவை கெரட்டின் புரதத்துக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ப்ளீச் அவற்றில் பலவற்றை உடைக்கிறது. உடைந்த இடங்கள் எதிர்மின் தன்மையோடு நிற்கின்றன. நேர்மின் தன்மையுள்ள கால்சியம் அங்கே போய் வாகாக ஒட்டிக்கொள்கிறது. ஆக, வேர்ப்பக்கம் கொஞ்சம் முரடு, நுனி ரொம்ப முரடு. உங்கள் நிலைமையும் அதுதான்.

இதற்குக் கிலேட்டிங் ஷாம்பு என்று ஒன்று இருக்கிறது. கடையில் 'ஹார்ட் வாட்டர் ஷாம்பு' என்று கேட்டாலும் தருவார்கள். கால்சியத்தைப் பிடித்துக் கழற்றும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் சாதாரண ஷாம்பு பலவற்றிலும் துளியளவு இருக்கும். ஆனால் அது ஷாம்பு கெடாமல் இருப்பதற்காகச் சேர்ப்பது. படிவைக் கழற்ற அந்த அளவு போதாது. படிவை நீக்குவதற்கென்றே செய்தது என்று பாட்டிலில் எழுதியிருப்பதை வாங்குங்கள். நன்றாக நனைத்த முடியில் தேய்த்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு அலசுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஷாம்பு முடியை நன்றாக வறட்டும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

குழாயில் மாட்டும் ஷவர் ஃபில்டர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை குளோரினையும் மண்ணையும் பிடிக்கும். கரைந்திருக்கும் கால்சியத்தைப் பெரிதாகக் குறைக்காது. அந்தப் பணத்துக்கு வருடம் முழுவதும் கண்டிஷனர் வாங்கலாம்.

மாஸ்க் உண்மையில் என்ன செய்கிறது

'முடியில் புரோட்டீன் குறைவு' என்று பார்லரில் சொன்னது, உடம்பில் இரும்புச்சத்துக் குறைவு என்பதுபோலக் காதில் விழுகிறது. ஆனால் தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்ற இழை. அது எதையும் சாப்பிட்டுத் தேறாது. புரோட்டீன் மாஸ்க்கில் இருப்பது ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், கோதுமைப் புரதம், பட்டுப் புரதம் போன்றவை. ஹைட்ரோலைஸ்டு என்றால் சிறு துண்டுகளாக வெட்டியது என்று பொருள். மிகச் சிறிய துண்டுகள் சேதமான இடம் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். மற்றவை முடிமேல் மெல்லிய படலமாகப் படியும். சில முறை தலைக்குக் குளித்தால் போய்விடும்.

பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவதுபோலத்தான் இது. தொய்ந்த துணிக்குக் கஞ்சி விறைப்புக் கொடுக்கிறது. துணியின் நூலை அது புதிதாக நெய்துவிடுவதில்லை. துவைக்கும் ஒவ்வொரு முறையும் கஞ்சிமேல் கஞ்சியாக ஏற்றினால் புடவை மொடமொடவென்று ஆகி, மடிப்பிலேயே கிழியும். முதல் இரண்டு வாரம் உங்களுக்கு அருமையாக இருந்ததும், பிறகு நார் ஆனதும் இந்தக் கணக்குத்தான். 'புரோட்டீன் ஓவர்லோட்' என்று மருத்துவத்தில் ஒரு நோய் கிடையாது. ஆனால் படலம் ஏறி முடி விறைத்துப்போவதைக் கிளினிக்கில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை வெள்ளையின் முக்கியமான புரதம் வெட்டப்படாத பெரிய மூலக்கூறு; அது முடிக்குள் நுழையாது. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு கொஞ்சம் வழவழப்புத் தரும், அவ்வளவுதான். சரியாக அலசாவிட்டால் முட்டை தலையிலேயே காய்ந்து, சீப்பில் துணுக்காக வரும். ஞாயிற்றுக்கிழமை முட்டையை ஆம்லெட்டாகச் சாப்பிடுங்கள்.

இனி மாய்ஸ்சர் மாஸ்க். இந்தப் பெயரே ஆளைக் குழப்புகிறது. ப்ளீச் செய்த முடிக்குத் தண்ணீர் பற்றாக்குறை கிடையாது. நல்ல முடியைவிட அதிகமாகவே தண்ணீரை உறிஞ்சி உப்பும். குளித்தபின் உங்கள் நுனிமுடி காய்வதற்கு முன்னைவிட நேரமாகிறதா என்று கவனியுங்கள். நாம் 'வறட்சி' என்று சொல்வது பெரும்பாலும் உராய்வை. முடியின் மேற்பரப்பில் பிறவியிலேயே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. ப்ளீச் அதைப் பிய்த்துவிடுகிறது. அதன்பின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது. மாய்ஸ்சர் மாஸ்க்கில் இருக்கும் சீட்டைல் ஆல்கஹால், செட்டரைல் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவை போய்விட்ட அந்தக் கொழுப்பின் இடத்தில் படிந்து உராய்வைக் குறைக்கின்றன. ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை மெழுகு போன்றவை, வறட்டுவதில்லை.

ஆக, ஒன்று விறைப்பு தருவது, மற்றது வழவழப்பு தருவது.

ஐந்து முடி, ஒரு ஸ்கேல்

டம்ளர் சோதனையை விட்டுவிடுங்கள். முடி தண்ணீரைவிட அடர்த்தி கூடியது. நன்றாக நனைந்துவிட்டால் எந்த முடியும் மூழ்கத்தான் செய்யும். கொஞ்சம் எண்ணெயோ கண்டிஷனரோ இருந்தால் சேதமான முடிகூட மிதக்கும்.

அதற்குப் பதில் இழுத்துப் பாருங்கள். கிலேட்டிங் ஷாம்பு போட்டு அலசிய அன்று, கண்டிஷனர் போடும் முன், உதிர்ந்த முடிகளில் நீளமான ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வேர்ப்பக்கத் துண்டு ஒன்று, ப்ளீச் பட்ட துண்டு ஒன்று என வெட்டிப் பிரியுங்கள். இரண்டையும் கலந்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் தண்ணீரில் ஊறட்டும். துண்டின் இரு முனைகளையும் விரல்களில் சுற்றி, நடுவே பத்து சென்டிமீட்டர் இருக்கும்படி ஸ்கேல்மேல் பிடித்து, மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் எந்த முடியும் அறுந்துவிடும்.

நல்ல முடி ஈரத்தில் பதிமூன்று சென்டிமீட்டர் வரை நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கிவிடும். அப்படி நீண்டு சுருங்குகிறது, ஆனால் தொட்டால் சொரசொரப்பு என்றால் உள்ளே வலு இருக்கிறது, மேற்பரப்புத்தான் பாழ். அதற்கு மாய்ஸ்சர் மாஸ்க் போதும். நீளவே நீளாமல் டக்கென்று முறிகிறது என்றால் மேலே விறைப்புப் படலம் இன்னும் இருக்கிறது. புரோட்டீனை நிறுத்திவிட்டு வழவழப்பு கொடுங்கள். பதினான்கு, பதினைந்து என்று சூயிங்கம் மாதிரி போய்க்கொண்டே இருந்து, விட்டால் சுருங்காமல் தொய்ந்து தொங்குகிறது என்றால் உள்ளே பிணைப்புகள் போய்விட்டன. அங்கேதான் புரோட்டீனுக்கு வேலை.

இது ஆய்வகச் சோதனை இல்லை. மெல்லிய முடி சீக்கிரம் அறும், தடித்த முடி தாங்கும். அதனால்தான் ஐந்து, அவற்றில் குறைந்தது மூன்று ஒரே மாதிரி சொன்னால் நம்பலாம். காய்ந்த முடியைத் தடவிப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். உப்புப் படிவு, புரோட்டீன் படலம், வெறும் உராய்வு ஆகிய மூன்றுமே காய்ந்த முடியில் ஒரே நாராகத்தான் தெரியும்.

உங்கள் சோதனையில் என்ன வரும் என்று ஒரு ஊகம் எனக்கு உண்டு. வேர்ப்பக்கத் துண்டு, படிவு போனதும் அநேகமாக ஒழுங்காக நீண்டு சுருங்கும். நுனித்துண்டு தொய்யும், சேமியா என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். காய்ந்தால் விறைப்பு, நனைந்தால் தொய்வு என்பது முரண்பாடு இல்லை. நைந்துபோன பழைய புடவைக்கு ஏகப்பட்ட கஞ்சி போட்டிருக்கிறீர்கள்: மேலே மொடமொடப்பு, இழையில் உயிர் இல்லை. உங்கள் பார்லர் சொன்னதில் பாதி சரி, தோழி சொன்னதிலும் பாதி சரி. ஒரே தலையில் இரண்டு விதமான முடி இருக்கும்போது முழுத் தலைக்கும் ஒரே மாஸ்க்கைத் தேடியதுதான் இருவருக்கும் தவறிய இடம்.

அடுத்த ஆறு வாரம்

முதல் மூன்று வாரம் புரோட்டீன் வேண்டாம். ஒவ்வொரு முறை தலைக்குக் குளித்தபின்னும் கண்டிஷனர், வாரம் ஒரு முறை அதற்குப் பதில் மாய்ஸ்சர் மாஸ்க், பத்து நிமிடம். காதுக்குக் கீழே மட்டும் போடுங்கள், தலையில் தேய்க்க வேண்டாம். வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். 'மாய்ஸ்சர்' என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஹைட்ரோலைஸ்டு ஏதோ ஒன்றை மேல் வரிசையில் வைத்திருப்பவை உண்டு. சேர்மானங்களை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் அச்சிடுவார்கள். வாசனைப் பொருளுக்கும் கீழே புரதத்தின் பெயர் இருந்தால் அது பேருக்குத்தான் இருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம்.

மூன்றாவது வாரக் கடைசியில் கிலேட்டிங் ஷாம்பு போட்டு, அதே ஐந்து முடி சோதனை. நுனி இன்னும் தொய்ந்தால், ப்ளீச் பட்ட பகுதிக்கு மட்டும் புரோட்டீன் மாஸ்க் ஒரு முறை. டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். அலசியபின் அதன்மேல் கண்டிஷனர் கட்டாயம். மறுநாள் காலை சீவும்போது கவனியுங்கள். நுனியில் கொஞ்சம் பிடிப்பு வந்து, சிக்கு குறைந்திருந்தால் மாதம் ஒரு முறை தொடரலாம். மறுபடி நார் மாதிரி தோன்றினால் அடுத்ததை ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். வாரம் இரண்டு என்ற பேச்சே இனி வேண்டாம்.

அம்மா சொன்ன தேங்காய் எண்ணெய் உண்மையிலேயே உதவும், நேரம்தான் முக்கியம். தேங்காய் எண்ணெயில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் இறங்கும். முடி தண்ணீரில் உப்புவதும், அலசும்போது அதன் புரதம் கழன்று போவதும் இதனால் குறைகின்றன. மினரல் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் இதோடு ஒப்பிட்டு 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், அப்படிப் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதனால் குளித்தபின் தடவுவதைவிட, குளிப்பதற்கு முந்தின இரவு ஒரு டீஸ்பூன் எடுத்து நடுவிலிருந்து நுனி வரை தடவிப் பின்னிவிடுங்கள். ஆனால் உடைந்த பிணைப்பை எண்ணெய் ஒட்டாது. அது இனிமேல் வரும் இழப்புக்குத்தான் தடுப்பு. இதை அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு அரை ஈரத்தில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் அத்தனையும் வீண். முடிக்குள் இருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகி, உள்ளேயே குமிழ் விடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அப்பளத்தில் பொரிந்த கொப்புளம் மாதிரி இருக்கும். 'பபிள் ஹேர்' என்றே இதற்குப் பெயர். குமிழ் விட்ட இடத்தில் முடி முறிந்தே தீரும், எந்த மாஸ்க்கும் அதைச் சரிசெய்யாது. கேப் வரும் நாட்களில் ஈரமுடியைத் தளர்வாகப் பின்னிக்கொண்டு கிளம்புங்கள்.

பார்லர் கெரட்டின் வேறு சமாச்சாரம்

பெயரில் கெரட்டின் இருப்பதால் இதையும் புரோட்டீன் ட்ரீட்மென்ட் என்று நினைத்துவிட்டீர்கள். அது முடியை நேராக்கும் சிகிச்சை. ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் ரசாயனத்தையோ கிளையாக்ஸிலிக் அமிலத்தையோ தடவி, சுமார் 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பால் இழுப்பார்கள். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்தவற்றைப் போட்டபின் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. இதையெல்லாம் ஒதுக்கி வைத்தாலும், இரண்டு முறை ப்ளீச் ஆகி ஈரத்தில் தொய்யும் நுனி அந்தச் சூட்டைத் தாங்காது. வேண்டாம் என்பதே என் பதில்.

பணம் கட்டியாயிற்றே என்பதற்காகத் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. பூசப்போகும் பாட்டிலைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அழகுசாதனப் பொருளின் லேபிளில் சேர்மானங்கள் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து கலக்கிக் கொண்டுவந்தால் எழுந்து வந்துவிடுங்கள். செய்யாத சிட்டிங்குக்குப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சீப்பில் வரும் முடியின் ஒரு முனையில் குண்டூசித் தலைபோல வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. புள்ளி இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் உடைந்தது. இதுவரை எழுதியது உடைவதற்கு. வேரோடு உதிர்வது நாளுக்கு நூறைத் தாண்டி இரண்டு மூன்று மாதம் நீடித்தால் மாஸ்க் கடைப்பக்கம் போகாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். தைராய்டும், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டியிருக்கும்.

பார்லரில் பணம் திரும்பத் தர ரொம்பவும் இழுத்தால், அந்தத் தொகைக்கு முடிவெட்டாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பிளந்த நுனியை எந்த மாஸ்க்கும் ஒட்டவைக்காது. இப்போது இரண்டு அங்குலம், மூன்று மாதம் கழித்து இன்னும் இரண்டு அங்குலம்.